கருப்பு டை மேல லைட் பிரவுன் அடிச்சா ஏன் நிறம் இறங்கவே மாட்டேங்குது?

செண்பகா
முடி விவரத்தை முதல்லயே சொல்லிடறேன், அப்பதான் பதில் சொல்றவங்களுக்கு வசதி. இயற்கை நிறம் கருப்புக்கு ஒரு படி கம்மி, வெயில்ல பார்த்தா அடர் பிரவுன் தெரியும். நீளம் 40 செ.மீ. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கடையில வாங்குற கருப்பு டை, மொத்தம் 13 தடவை ஆச்சு. ஒவ்வொரு தடவையும் வேர்ல ஆரம்பிச்சு நுனி வரைக்கும் இழுத்து விட்டிருக்கு. அப்புறம் இரண்டரை மாசம் எதுவும் போடல, வேர்ல 3 செ.மீ. சொந்த முடி வளர்ந்திருச்சு. போன ஞாயிறு 5-ஆம் நம்பர் லைட் பிரவுன் பாக்ஸ் வாங்கி, தலை முழுக்க தடவி 35 நிமிஷம் வச்சு அலசினேன். இப்ப வேர் 3 செ.மீ. செம்பு நிறத்துல மின்னுது. அதுக்குக் கீழ இருக்கிற முடி கொஞ்சம்கூட மாறல. மாறலைங்கறதைவிட, முன்னைவிட கருப்பா இருக்குன்னுதான் சொல்லணும். இன்னொரு பாக்ஸ் இன்னும் லைட்டா வாங்கி அடிச்சா சரியாகுமா?

பிரியா_சேலம்
பாக்ஸ்ல வர்ற டெவலப்பர் பவர் பத்தாது தோழி, பெரும்பாலும் 6 சதவீதம்தான் இருக்கும், அதாவது 20 வால்யூம். 12 சதவீதம், 40 வால்யூம் தனியா வாங்கி அதே கிரீமோட கலந்து போடுங்க. டெவலப்பர்தான் முடியை வெளுக்க வைக்கும். பவர் கூட இருந்தா கூட வெளுக்கும். வேர் வெளுத்திருக்கு பாருங்க, அப்ப டை வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?

வளர்மதி
செண்பகா, இன்னொரு பாக்ஸ் வேண்டாம். 40 வால்யூமும் வேண்டாம்.

பிரியா சொன்னதுல பாதி சரி. டை கிரீம்ல இருக்கிற அம்மோனியா முடியோட மேல் செதிலைத் திறக்கும். டெவலப்பர்ல இருந்து உள்ள போற பெராக்சைடு ரெண்டு வேலை பார்க்கும். நம்ம சொந்த நிறத்தைக் கொஞ்சம் கரைக்கும், கூடவே கிரீம்ல நிறமில்லாம இருக்கிற சாயப் பொருளைக் கலரா மாத்தும். சொந்த முடியில அது நடந்திருக்கு. வேர்ல சொந்த நிறம் ஒண்ணு ரெண்டு படி கரைஞ்சு, அடியில எப்பவும் இருக்கிற சிவப்பு வெளிய வந்திருச்சு. உச்சந்தலைச் சூடும் சேர்ந்ததால அந்த இடம் இன்னும் வேகமா வெளுத்திருக்கு. பார்லர்ல இதை ஹாட் ரூட்ஸ்னு சொல்லுவோம். 5-ஆம் நம்பர் உங்க முடிக்கு மூணு படி தூரம். 20 வால்யூம் அவ்வளவு தூரம் தூக்காது. அதனாலதான் பிரவுன் வராம செம்பு வந்திருக்கு.

ஆனா கீழ இருக்கிற கருப்பு உங்க சொந்த நிறம் இல்ல, 13 தடவை ஏத்தின சாயம். அதை டையில இருக்கிற பெராக்சைடால கரைக்க முடியாது. கருப்புச் சேலையை மஞ்சள் சாயத் தொட்டியில முக்கினா மஞ்சளாகாது, கருப்பு சேலையாத்தான் வெளிய வரும். கருப்பு போகணும்னா முதல்ல அதை எடுக்கிற வேலை தனியா நடக்கணும். சாயம் போடுற பொருள் சாயம் எடுக்காது.

40 வால்யூம் போட்டா நீளத்துல இருக்கிற கருப்புக்கு ஒண்ணும் ஆகாது. ஏற்கனவே செம்பா இருக்கிற வேர் ஆரஞ்சாகும், தோல் எரியும், அவ்வளவுதான் லாபம்.

இளங்கோ
வளர்மதி அக்கா சொன்னதுக்கு ஒரு காரணம் மட்டும் சேர்க்கிறேன். சொந்த நிறமான மெலனின் சின்னச் சின்ன மணி மாதிரி முடிக்குள்ள இருக்கும். காரத்தன்மையுள்ள பெராக்சைடு அதைப் படிப்படியா உடைச்சிடும். டைச் சாயத்தோட பிறப்பே வேற மாதிரி. பாக்கெட் பின்னாடி படிச்சா பி-ஃபினைலின்டையமைன், ரெசார்சினால் மாதிரி பேர்கள் இருக்கும். இதுங்க சின்ன மூலக்கூறு, நிறமில்ல, திறந்த செதில் வழியா சுலபமா உள்ள போகும். உள்ள பெராக்சைடு பட்டதும் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு பெரிய கலர் மூலக்கூறா மாறும், அப்புறம் வந்த வழியே வெளிய போக முடியாது. அதாவது இந்தச் சாயம் உருவானதே பெராக்சைடாலதான். அதே பெராக்சைடை இன்னும் கொஞ்சம் ஊத்தினா அது அழியாது.

வீட்டிலேயே பார்க்கலாம். லைட் பிரவுன் கிரீமைக் கலந்த உடனே கிண்ணத்துல வெள்ளையாவோ வெளிர் மஞ்சளாவோ இருக்கும். மீதியை அப்படியே விட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க. மேல்பரப்பு ஊதா கலந்த கருப்பாயிருக்கும், கரண்டியால கிளறினா அடியில மட்டும் வெளிர் தெரியும். லைட் பிரவுன்னு பெட்டியில எழுதினதே காத்துப் பட்டா இப்படித்தான் ஆகும். ஷேட் எதுவானாலும் அது சாயம், வெளுக்கிற பொருள் இல்ல.

உமா
எல்லாரும் கெமிக்கல் பத்தியே பேசுறீங்க. நான் கருப்பு மெஹந்தி பவுடர்தான் போடறேன், தண்ணியில கலந்து போடறது, இயற்கை. எனக்கும் நுனி ரொம்ப கருப்பா, வைக்கோல் மாதிரி இருக்கு. செண்பகாவும் மருதாணி போட்டா கருப்பு கொஞ்சம் கொஞ்சமா சிவப்பாயிடும் இல்ல? எனக்கு நரை மறைச்சா போதும்.

வளர்மதி
உமா, கேள்வி நரையைப் பத்தி இல்ல, ஆனா உங்க பாக்கெட் பின்னாடி ஒரு தடவை பாருங்க. பி-ஃபினைலின்டையமைனோ பேரியம் பெராக்சைடோ எழுதியிருந்தா அது மருதாணி மட்டும் இல்ல, பவுடர் வடிவத்துல வர்ற டைதான். வெறும் தண்ணி ஊத்தினாலே சில நிமிஷத்துல கருப்பாகிறதுக்கு அதுதான் காரணம். உங்க நுனி கருத்ததும் செண்பகாவோட நுனி கருத்த அதே காரணம்தான்.

அப்புறம், மருதாணி எந்த முடியையும் வெளுக்காது. மருதாணிச் சாயம் முடியிலேயே ஒட்டிக்கிட்டு மேல மேல ஏறும். கருப்பு மேல போட்டா வெயில்ல ஒரு சிவப்புப் பளபளப்பு வரும், அவ்வளவுதான். அவுரி கலந்திருந்தா பின்னாடி ப்ளீச் செய்யும்போது பச்சை தெரிய வாய்ப்பு இருக்கு. இது செண்பகாவுக்கும் முக்கியம். இதுக்கு முன்னாடி எப்பவாவது மருதாணி, அவுரி, கருப்பு பவுடர் எதாவது போட்டிருக்கீங்களா?

செண்பகா
இல்ல, பாக்ஸ் டை மட்டும்தான். சரி, வெளுக்காதது புரியுது. ஆனா முன்னைவிட கருப்பானது ஏன்? கருப்பு மேல பிரவுன் ஏறினா அப்படியேதானே இருக்கணும்?

வளர்மதி
நல்ல கேள்வி, பெரும்பாலான பேர் இதைக் கேட்கவே மாட்டாங்க.

உங்க முடியையே கணக்குப் போடுங்க. மாசம் சுமார் ஒண்ணேகால் செ.மீ. வளரும். தலையிலிருந்து 10 செ.மீ. தூரத்துல ஒரு இடத்தை எடுத்தா அது எட்டு மாச முடி. கடைசி இரண்டரை மாசம் டை இல்லாததால, அந்த இடம் ஏறக்குறைய 4 தடவைதான் டை பார்த்திருக்கும். நுனி ரெண்டரை வருஷத்துக்கு மேல பழசு, அதுக்கு 13 தடவையும் விழுந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் அம்மோனியா செதிலைத் திறக்கும், அப்புறம் முழுசா மூடாது. அதனால நுனி பஞ்சு மாதிரி ஆயிடுது. பஞ்சு சாயத்தைக் குடிக்கும். வேர் குடிக்கிறதைவிட நுனி கூட குடிக்கும், அதுவும் அதே 35 நிமிஷத்துல.

இரண்டாவது, அந்த இரண்டரை மாசத்துல ஷாம்பு, வெயில் எல்லாம் பட்டு உங்க கருப்பு மெல்ல மங்கிக்கிட்டே வந்திருக்கும். தினமும் பார்க்கிறதால கண்ணுக்குத் தெரியாது. அந்த மங்கலை 5-ஆம் நம்பர் நிரப்பிடுச்சு. பழைய சாயத்துல பெராக்சைடு கொஞ்சமாச்சும் குறைச்சிருக்கும்னே வச்சுக்குவோம், அதைவிடக் கூடுதலான புது சாயம் அதே நேரத்துல ஏறியிருக்கு. சாயம்ங்கறது கண்ணாடி மேல ஒட்டுற கலர் காகிதம் மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினா வெளிச்சம் குறைஞ்சுக்கிட்டேதான் போகும், பிரவுன் காகிதமா இருந்தாலும் சரி. பாக்ஸ் டைன்னா நரையைக் கண்டிப்பா மூடணும்னு சாயத்தைத் தாராளமா போட்டுத்தான் தயாரிப்பாங்க, அதுவும் ஒரு காரணம்.

பிரியா_சேலம்
அப்ப என் தங்கைக்கு எப்படி நடந்துச்சு? அவளும் கருப்பு டை போட்டவதான். அது மேல பர்கண்டி பாக்ஸ் போட்டா, கலர் நல்லா தெரிஞ்சுது.

வளர்மதி
வீட்டுக்குள்ள தெரிஞ்சுதா, வெயில்ல தெரிஞ்சுதா? ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. மங்கின கருப்பு மேல பர்கண்டி விழுந்தா சிவப்புப் பளபளப்பு வெளிச்சத்துல மின்னும். ஷேட் நம்பர்ல புள்ளிக்கு முன்னாடி இருக்கிற எண் அடர்த்தி, பின்னாடி இருக்கிறது சாயல். சாயலை மாத்த முடியும், அடர்த்தியை மேல தூக்க முடியாது. உங்க தங்கை முடி ஒரு படிகூட வெளுத்திருக்காது. வேர்ல சொந்த முடி கொஞ்சம் இருந்திருந்தா அங்க மட்டும் பளிச்சுன்னு பர்கண்டி பிடிச்சிருக்கும், அதைப் பார்த்துட்டு மொத்தத் தலையும் மாறினதா தோணும்.

பிரியா_சேலம்
வெயில்லதான். வேர்தான் அதிகம் தெரிஞ்சுது, சரி. ஆனா ப்ளீச் பவுடர்லயும் அதே பெராக்சைடுதானே போடறோம்? அது மட்டும் டையை எப்படி எடுக்குது?

இளங்கோ
பவுடர்ல பெர்சல்ஃபேட் உப்புகள் இருக்கு, அதுதான் வித்தியாசம். டெவலப்பரோட கலந்ததும் அது தனியா ஒரு பலமான தாக்குதலைத் தொடங்கும், காரத்தன்மையும் சாதாரண டை கிரீமைவிட அதிகம். அதோட அந்தக் கலவையில சாயப் பொருள் எதுவும் இல்ல. அதனால ஒரு பக்கம் எடுத்துக்கிட்டே இன்னொரு பக்கம் நிரப்புற வேலை நடக்காது.

இன்னொரு வழி, கலர் ரிமூவர்னு விற்கிறது. அது வெளுக்காது, நேர் எதிர் வேலை பார்க்கும். பெராக்சைடு பிணைச்ச பெரிய மூலக்கூறைத் திரும்ப நிறமில்லாத சின்ன மூலக்கூறா ஆக்கும். சின்னதானதும் அலசினா வெளிய வரும். 13 தடவை ஏத்தின கருப்புக்கு நான் முதல்ல இதைத்தான் சொல்வேன், ஏன்னா முடியோட புரதத்துக்கு ப்ளீச் அளவு சேதம் இல்ல.

வளர்மதி
இளங்கோ சொல்றது காகிதத்துல சரி. கையில வேற மாதிரி நடக்கும். ரிமூவர் போட்டுட்டு வெளிர் பிரவுன் வந்திருச்சேன்னு சந்தோஷப்பட்டு, ரெண்டு நாள்ல திரும்ப கருப்பானதைப் பார்த்து அழுதவங்க நிறைய பேர். மூலக்கூறு சின்னதாயிருக்கு, ஆனா முடிக்குள்ளேயே இருக்கு. காத்துப் பட்டா மறுபடி பிணைஞ்சுடும். அலசுறதுலதான் எல்லாம் இருக்கு. வெதுவெதுப்பான தண்ணியில, நேரம் பார்த்து 15, 20 நிமிஷம் விடாம அலசணும். பெரும்பாலானவங்க ரெண்டு நிமிஷத்துல துண்டைக் கட்டிடுவாங்க. முட்டை அழுகின வாடை வேற வரும், அதைப் போக்க உடனே வாசனை ஷாம்பு போடுவாங்க, அலசல் பாதியில நின்னுடும்.

அலசல் போதுமான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. காதுக்குப் பின்னாடி சின்ன கத்தை முடியில 3 சதவீத டெவலப்பர் ஒரு சொட்டு தடவிட்டு அஞ்சு பத்து நிமிஷம் பாருங்க. கருத்துச்சுன்னா உள்ள சாயம் மிச்சம் இருக்கு. திரும்ப அலசணும், இல்லாட்டி ரிமூவரே இன்னொரு தடவை போடணும். கருக்கலைன்னா அலசல் முடிஞ்சுது.

இளங்கோ
அந்த அலசல் விஷயத்தை நான் சொல்லாம விட்டது தப்புதான். ஆனாலும் நேரா ப்ளீச்சுக்குப் போறதைவிட ரிமூவரால பாதி சாயத்தை முதல்ல எடுத்துட்டா, ப்ளீச் வேலை சுலபமாகும். அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. இன்னொண்ணு, ரிமூவர் மெலனினைத் திருப்பித் தராது. 13 தடவை டை போட்டப்ப அடியில இருந்த சொந்த நிறமும் கொஞ்சம் கரைஞ்சிருக்கும், அதனால கருப்பு போனதும் அடியில சிவப்பு கலந்த பிரவுன்தான் தெரியும். அது ரிமூவர் செஞ்ச தப்பு இல்ல.

உமா
வைட்டமின் சி மாத்திரையை ஷாம்புல பொடிச்சுப் போட்டா போயிடும்னு சொல்றாங்களே?

இளங்கோ
புதுசா போட்ட சாயம், அம்மோனியா இல்லாத சாயம்னா கொஞ்சம் மங்கும். இத்தனை தடவை அடுக்கின கருப்புக்கு அது போதாது.

வளர்மதி
செண்பகா, எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு கத்தையில டெஸ்ட் பண்ணுங்க. கழுத்துக்கு மேல உள்பக்கமா, பென்சில் தடிமன் கத்தை, வேரோட 3 செ.மீ. விட்டுட்டு. ப்ளீச் பவுடர் ஒரு பங்கு, 20 வால்யூம் டெவலப்பர் ரெண்டு பங்கு, உதாரணத்துக்கு 10 கிராமுக்கு 20 மி.லி. அலுமினியத் தாளுக்குள்ள மூடி வைங்க, ஹேர் டிரையர் சூடு வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துடைச்சு நிறம் பாருங்க. 45 நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. தோல்ல படாம பார்த்துக்கங்க. அலசினதும் ஈர முடியை மெல்ல இழுத்துப் பாருங்க. நீண்டு திரும்ப வந்தா பரவாயில்ல. திரும்பாம சூயிங் கம் மாதிரி நீண்டுக்கிட்டே போனா அந்தப் பகுதிக்கு மேல ப்ளீச் வேண்டாம்.

செண்பகா
டெஸ்ட் பண்ணினேன். 40 நிமிஷம். தலைப்பக்கமா ஏறக்குறைய 12 செ.மீ. வரை ஆரஞ்சு. அதுக்குக் கீழ செங்கல் சிவப்பு. கடைசி 8 செ.மீ. இன்னும் கருஞ்சிவப்புதான். கருஞ்சிவப்பு பகுதியை இழுத்தா நீளுது, முழுசா திரும்பல. மேல் பகுதி நல்லா இருக்கு.

வளர்மதி
மூணு பட்டையும் உங்க கணக்கோட சரியா ஒத்துப் போகுது, அந்த 12 செ.மீ. குறைஞ்ச தடவை டை பட்டது, நுனி 13 தடவையும் பட்டது.

உங்களுக்கு வேணும்ங்கறது 5-ஆம் நம்பர்தான். அதுக்கு ஆரஞ்சு வரை வந்தாலே போதும், மஞ்சளாக்கத் தேவையில்ல. மேல் பகுதிக்கு டெஸ்ட்ல பண்ணின அதே ஒரு ப்ளீச் போதும். சாம்பல் சாயல் உள்ள அம்மோனியா இல்லாத 5-ஐ 3 சதவீத டெவலப்பர்ல போட்டா ஆரஞ்சு அடங்கி பிரவுன் வரும். வேர் 3 செ.மீ. ஏற்கனவே செம்பு, அதுக்கு ப்ளீச் வேண்டவே வேண்டாம், அதே சாயத்தைக் கடைசியில கொஞ்ச நேரம் போட்டா போதும். நடுப்பகுதிக்கு கூடுதலா ஒரே ஒரு ப்ளீச், அப்புறம் அதே சாயம். ஆனா அந்த இடம் பஞ்சு மாதிரி குடிக்கும். அங்க ஒரு படி லைட்டான 6 எடுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்க. நேரத்தைப் பார்க்காம விட்டீங்கன்னா மறுபடி கருப்பு விழும்.

கடைசி 8 செ.மீ.க்கு ப்ளீச் வேண்டாம். ஒண்ணு வெட்டிடுங்க. இல்ல அடர் நுனியா விட்டு, மேல இருந்து கீழ மெல்ல அடர்ந்து போற மாதிரி வச்சுக்கங்க. இனிமே வேர்ல மட்டும் போடுங்க, கீழ் முடியில கண்டிஷனர் பூசி வைங்க, சாயம் வழிஞ்சு கீழ ஏறாது. எந்தச் சாயம் போடறதா இருந்தாலும் 48 மணி நேரம் முன்னாடி காதுக்குப் பின்னால தடவிப் பார்க்கிறதை விடாதீங்க, 13 தடவை ஒத்துக்கிட்ட தோல் 14-வது தடவை ஒத்துக்காம போகலாம்.

இளங்கோ
நுனியை வெட்டுறதுக்கு முன்னாடி ரிமூவர் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே அக்கா. ப்ளீச் தாங்காத முடி ரிமூவரைத் தாங்கும். கருஞ்சிவப்புல பாதி சாயம் இன்னும் உள்ள இருக்கு, அதை அலசி எடுத்தா செங்கல் சிவப்பு வரைக்கும் வரும்.

வளர்மதி
வரலாம். ஆனா அந்த நுனி 20 நிமிஷ அலசலையும் அப்புறம் வர்ற சாயத்தையும் தாங்குமான்னு எனக்குச் சந்தேகம். ஈரத்துல நீளுற முடி சீப்பு பட்டாலே அறுந்துடும். டெஸ்ட் கத்தை காஞ்சதும் அந்த 8 செ.மீ.யை விரல்ல சுத்திப் பார்த்துட்டுச் சொல்லுங்க செண்பகா, முறியுதா, வளையுதா?

செண்பகா
நாலஞ்சு இழை முறிஞ்சுது, மீதி வளையுது. 8 வேண்டாம், 4 செ.மீ. வெட்டிட்டு மிச்சத்துல ஒரு சின்ன கத்தைக்கு மட்டும் ரிமூவர் போட்டு, நீங்க சொன்ன டெவலப்பர் சொட்டு டெஸ்டும் பண்ணிட்டு சனிக்கிழமை இங்க எழுதறேன்.